போணி பில்

பிரமிளாவுக்குக் கொடுத்த கீபோர்டில் எண்கள் இருக்கிற பக்கம் மட்டும் மஞ்சள் படிந்திருந்தது. வேலையில் உட்கார்ந்த முதல் நாளே ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். போகவில்லை. எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தாள். பிளாஸ்டிக்கின் வெள்ளை வந்ததே தவிர, நாலு, ஏழு, எட்டு, சைபர் ஆகியவற்றின் ஓரத்தில் இருந்த மஞ்சள் அப்படியே நின்றது. அட்டெண்டர் வெங்கடசாமி கதவில் சாய்ந்தபடி சிரித்தார். "வுடும்மா. அந்த ஆளு எலுமிச்ச சோத்த துன்னுக்கினே பில்லு போடுவாரு. செத்தும் கை நாத்தம் போவல."

அந்த ஆள் தேவேந்திரன். சித்தூரிலிருந்து புத்தூர் போகிற சாலையில் இருக்கும் இந்த மாங்கூழ் ஃபேக்டரியில் சப்ளையர்களின் பில்களைக் கணக்கில் ஏற்றுகிறவராக இருந்தவர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு பில்லையும் கையில் எடுத்து முணுமுணுவென்று வாய்விட்டுப் படிப்பார். யார் அனுப்பினது, என்ன நம்பர், என்ன தேதி, எவ்வளவு, சரக்கு உள்ளே வந்தபோது காவலாளி பதிந்த கேட் நம்பர் என்ன. மந்திரம் சொல்கிற மாதிரி இதே வரிசை. பிரமிளா அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் எடைமேடைச் சீட்டு போடுகிறவள். நாளெல்லாம் அந்த முணுமுணுப்பு காதில் விழும். எரிச்சலாக இருக்கும்.

இப்போது அவர் இல்லை. ஆனால் மத்தியானத்தில் கரண்ட் போய் ஃபேன் நிற்கிற நேரத்தில் அந்த முணுமுணுப்பு கேட்கிறது என்று வெங்கடசாமி சொன்னார். வெங்கடசாமியின் வாய்க்குப் பூட்டு கிடையாது, ஆகவே பிரமிளா நம்பவில்லை. ஒரு நாள் அவளுக்கே கேட்டது. ஜெனரேட்டர் எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அறை அடங்கியது. நாற்காலிக்குப் பின்னாலிருந்து, தோளுக்கு மேலே குனிந்து படிக்கிற தூரத்தில், "நம்பரு... தேதி..." என்று ஒரு குரல். திரும்பினால் சுவர். சுவரில் பெருமாள் படம். அவ்வளவுதான்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. விஜயபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். கடலைக்காட்டில் வெயில் தின்ற குடும்பத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற முதல் ஆள் அவள்தான். இந்தச் சீட்டில் அவள் இன்னும் நிரந்தரமாகவில்லை. சீசன் முடிந்ததும் பார்க்கலாம் என்று மேனேஜர் ஹேமநாத் சொல்லியிருந்தார். பேய் கேட்கிறது என்று சொல்லுகிற பெண்ணை எந்தக் கம்பெனி நிரந்தரமாக்கும்?

உண்மையில் அவளைப் பயமுறுத்தியது பேய் இல்லை. அவளுடைய நினைவுதான்.

போன வருஷம் அரையாண்டு ஆடிட் நடந்தபோது ஒரு விஷயம் வெளியே வந்தது. கூழ் அடைக்கிற இரும்பு டிரம் சப்ளை செய்கிற சிட்டிபாபுவுக்கு ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போயிருந்தது. சிட்டிபாபு அந்த பில்லை ஜி.எஸ்.டி. கணக்கில் ஒரு தடவைதான் காட்டியிருந்தார். ஃபேக்டரியோ இரண்டு தடவை வரிக்கழிவு கேட்டிருந்தது. இரண்டையும் ஒட்டிப் பார்த்தபோது ஓட்டை தெரிந்தது. தோண்டினார்கள். ஒரே நம்பர், ஒரே தேதி, ஒரே தொகை. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சப்ளையர் பேருக்கும் கோடு என்று ஒரு அடையாள நம்பர் உண்டு. ஒன்று சிட்டிபாபுவின் திருப்பதி கோடில் ஏறியிருந்தது, இன்னொன்று அவருடைய பழைய சித்தூர் கோடில். கடையைச் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு மாற்றினபோது அவர் பேருக்குப் புதுக் கோடு போட்டார்கள், பழையதை மூடவில்லை. கம்ப்யூட்டர் ஒரு கோடுக்குள் ஒரே நம்பர் இரண்டு தடவை வந்தால்தான் கத்தும். வேறு கோடில் வந்தால் அதற்கு அது வேறு ஆள். வாயைத் திறக்காது.

இரண்டையும் ஏற்றியது தேவேந்திரன்.

"தெரியாம ஒரே கோடுல போட்டா கம்ப்யூட்டர் புடிச்சிருக்கும். தெரிஞ்சி வேற கோடுல போட்டிருக்கான்" என்று ஆடிட்டர் சொன்னார். கேட்கிறவருக்குச் சரியாகத்தான் பட்டது. சிட்டிபாபு, பணம் வந்தது நிஜம், அட்வான்ஸ் என்று நினைத்தேன் என்று சொல்லி அடுத்த பில்களில் கழித்துக் கொடுத்துவிட்டார். பணம் திரும்பி வந்தது, தேவேந்திரனின் பேர் திரும்பவில்லை. கமிஷன் தின்றவன் என்று எல்லோரும் சொன்னார்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில், இருக்கிற எல்லோர் முன்னாலும் கூப்பிட்டு வேலைநீக்கக் கடுதாசியைக் கையில் கொடுத்தார்கள். அவர் சண்டை போடவில்லை. பிறகு சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "பெருமாளுக்குத் தெரியும். அவர் காலடியில கேளுங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பிரமிளாவும் சிரித்தாள்.

அதற்கப்புறம் தேவேந்திரன் சனிக்கிழமைதோறும் அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறுவதாகப் பேச்சு வந்தது. மார்கழியில் ஒரு சனிக்கிழமை, காலி கோபுரத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு வலி. அவர் நாற்காலி பிரமிளாவுக்கு வந்தது. கீபோர்டும் வந்தது. அந்தச் சிரிப்பும் அவளோடேயே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

ஆகவே அவள் வேலையில் படு சுத்தம். தேவேந்திரன் வாயால் படித்ததை அவள் கண்ணால் படித்தாள். பில்லில் இருக்கிற ஜி.எஸ்.டி. நம்பரும் கோடில் இருப்பதும் ஒன்றா என்று பார்ப்பாள். ஆர்டர் உண்டா, ஆர்டரில் இன்னும் பாக்கி உண்டா, சரக்கு இறங்கின ரசீது உண்டா, இறங்கின எண்ணிக்கையும் பில்லின் எண்ணிக்கையும் விலையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள். எல்லாம் சரியென்றால் ஏற்றுவாள். ஏற்றின கையோடு பில்லின் நெற்றியில் 'கணக்கில் ஏறியது' என்கிற ரப்பர் ஸ்டாம்பைக் குத்துவாள். ஸ்டாம்ப் இருந்தால் முடிந்தது, இல்லையென்றால் பாக்கி. இதைவிட எளிமையான சட்டம் உலகத்தில் இல்லை என்பது அவள் எண்ணம்.

சட்டம் எளிமைதான். அதற்கு உட்படாத பில் ஒன்று அந்த அறையிலேயே இருந்தது.

மாங்காய் சீசன் தொடங்குகிற நாளில் ஃபேக்டரியில் பூஜை. அன்றைக்கு நல்ல நேரம் பார்த்து முதல் சரக்கு உள்ளே வரும். டிரம், மூடி, சர்க்கரை, எதுவானாலும் ஒவ்வொரு சப்ளையரும் ஒரு லோடு அனுப்பியாக வேண்டும். ஆர்டர் தட்டச்சாகும்வரை நல்ல நேரம் காத்திருக்குமா? சரக்கு முதலில் வரும், ஆர்டர் மெதுவாகப் பின்னால் வரும். அந்த லோடின் பில்லுக்குப் போணி பில் என்று பேர். அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பெருமாள் படத்துக்குக் கீழே இருக்கிற மாடத்தில் வைத்துவிடுவார்கள். சீசன் முடிந்து கடைசி மாங்காய் அரைத்த பிறகுதான் எடுப்பார்கள். நடுவில் தொட்டால் சீசன் படுத்துவிடும் என்று நம்பிக்கை. ஒரு வருஷம் யாரோ தொட்டு மழை கொட்டி மாங்காய் அழுகிப்போனதாக ஒரு கதையும் உண்டு. மழைக்கு பில் படிக்கத் தெரியுமா என்று கேட்க அந்த ஃபேக்டரியில் யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

இந்த வருஷமும் அப்படித்தான் நடந்தது. ஆனி மாதத்தில் சிட்டிபாபுவின் டிரம் லோடு வந்தது, பில் மாடம் ஏறியது. சப்ளையருக்குப் பணம் மாடம் இறங்கும்வரை காத்திருக்காது. அதனால் மாடம் ஏறுமுன்பே பில்லைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினார்கள். ஆர்டர் வந்ததும் பிரமிளா அந்தப் போட்டோவின் பிரிண்டை வைத்து, ஆர்டரோடும் ரசீதோடும் ஒட்டி, திருப்பதி கோடில் ஏற்றினாள். பிரிண்டின் நெற்றியில் ஸ்டாம்ப் குத்தினாள். பணம் போனது. ஒரு தப்பும் இல்லை.

ஆவணி பிறந்து கடைசி மாங்காய் அரைபட்டது. ஃபேக்டரியைச் சுற்றி நின்ற புளித்த வாடை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டிருந்த நாள். வெங்கடசாமி கையைக் கழுவிவிட்டு வந்து மாடத்திலிருந்து பில்களை இறக்கி அவள் தட்டில் வைத்தார். ஒவ்வொன்றாக எடுத்தாள். மூடிக்காரன், சர்க்கரைக்காரன். அப்புறம் சிட்டிபாபு.

அசல் பில். மஞ்சள் நன்றாக அப்பியிருந்தது. நெற்றியைப் பார்த்தாள், ஸ்டாம்ப் இல்லை. பெருமாள் காலடியில் இருக்கிற பில்லில் யார் போய் ஸ்டாம்ப் குத்துவார்கள்?

சீசன் முழுக்க அவள் ஏற்றின பில்கள் மலைபோல. ஒரு டிரம் பில்லை நினைவு வைத்துக்கொள்ள முடியாது. அதற்குத்தானே ஸ்டாம்ப்? பில்லில் ஆர்டர் நம்பர் இல்லை. போணி லோடு, ஆர்டருக்கு முன்னால் வந்தது, இருக்காதுதான். ஆர்டர் இல்லாத பில் என்கிற வழியில் போனாள். சப்ளையர் பேரில் 'சிட்டி' என்று தட்டினாள். பட்டியலில் முதலில் வந்ததைத் தேர்ந்தெடுத்தாள். ஜி.எஸ்.டி. நம்பரை ஒத்துப் பார்த்தாள், அச்சு அசலாக ஒன்றாக இருந்தது. நம்பர், தேதி, தொகை. கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஏற்றினாள். ஆர்டர் இல்லாத பில் என்பதால் ஹேமநாத்தின் ஒப்புதலுக்குப் போனது. அவர் வீடு இருக்கிற திருப்பதியிலிருந்து, போனிலேயே, இவள் டீ ஆறுவதற்குள் ஒப்புதல் வந்துவிட்டது. போணி பில்லை யார் கேள்வி கேட்பார்கள்?

ஸ்டாம்பை எடுக்கக் கை நீட்டினாள். அப்போது கரண்ட் போனது.

ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. அறை அடங்கியது. தோளுக்கு மேலிருந்து அந்தக் குரல், அவசரமில்லாமல், ஒரு பில்லைப் படிக்கிற வரிசையில் படித்தது. யார், என்ன நம்பர், என்ன தேதி, எவ்வளவு. கடைசியில், "கேட்டு நம்பரு?"

அவள் திரும்பவில்லை. கண்ணைத் தாழ்த்தி வைத்திருந்தாள். யு.பி.எஸ். உயிரில் திரை வெளிச்சம் கீபோர்டின் மேல் விழுந்தது. நாலு, ஏழு, எட்டு, சைபர் ஆகியவற்றின் ஓரத்தில் பழைய மஞ்சள். அதன் மேல், இன்னும் ஈரம் காயாமல், புது மஞ்சள்.

விரலைப் பார்த்தாள். விரலில் பெருமாளின் மஞ்சள்.

எலுமிச்சைச் சோறு இல்லை. அது எலுமிச்சைச் சோறே இல்லை. போன வருஷம் இதே மாதம், இதே நாற்காலியில், இதே மாதிரி போணி பில்லை மாடத்திலிருந்து இறக்கிக் கொடுத்தார்கள். நெற்றியில் ஸ்டாம்ப் இல்லை. ஆர்டர் இல்லை. 'சிட்டி' என்று தட்டினால் பழைய கோடுதான் முதலில் வரும், ஜி.எஸ்.டி. நம்பர் இரண்டிலும் ஒன்றுதான். அந்த மனுஷனும் இதேபோல் தட்டியிருக்கிறார். அவர் வேறு கோடைத் தேடிப் போகவில்லை, கோடுதான் அவருக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது. ஆளை நீக்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது, அந்தப் பழைய கோடை நீக்க வருஷம் முழுக்க ஒருத்தருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

கரண்ட் வந்ததும் கேட் ரிஜிஸ்டரை எடுத்தாள். மஞ்சள் பில்லின் ஓரத்தில் காவலாளி எழுதின கேட் நம்பர் இருந்தது. அதே நம்பர், ஜூலையில் அவள் ஏற்றின பிரிண்டிலும் இருந்தது. ஒரு லாரி ஒரு தடவைதான் உள்ளே வந்திருந்தது. பிறகு ஃபைல் அறைக்குப் போய் போன வருஷத்துக் கட்டை இறக்கினாள். முதல் பதிவில் போட்டோ பிரிண்ட், ஸ்டாம்போடு. இரண்டாவதில் அசல் பில். அதன் மேலே காய்ந்த மஞ்சள். ஆடிட்டர் கண்ணுக்கு அது வெறும் கறை. ஃபேக்டரி ஆட்களுக்கு அது என்னவென்று தெரியும், ஆனால் யாரும் கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. அவர் காலடியில கேளுங்க என்று அந்த மனுஷன் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னாரா? இனி யாரைக் கேட்பது?

பிரமிளாவுக்கு இரண்டு வழி இருந்தது. பணம் இன்னும் போகவில்லை. பில் தேதி பழசு என்பதால் வரப்போகிற பணப்பட்டியலிலேயே ஏறிவிடும், அதற்குள் தவறான பதிவு என்று ரத்துக்கு அனுப்பினால் ஹேமநாத் படிக்காமலே ஒப்புதல் தந்துவிடுவார், ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. அவள் வேலை பிழைக்கும். சொல்லிவிட்டால், தேவேந்திரனை நீக்கின அதே தப்பை அவள் செய்திருக்கிறாள் என்றாகும். அவரைத் திருடன் என்றால் இவளும் திருடி. இவள் திருடியில்லை என்றால் அவரும் இல்லை. செத்தவரின் பேரைத் தூக்குவதற்குப் பிடிமானம் என்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது இவளுடைய தப்பு.

மறுநாள் ஹேமநாத்திடம் போனாள். இரண்டு வருஷத்துப் பில்களையும் மேஜையில் பரப்பினாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. திருப்பதி ரோட்டில் தினமும் போய்வருகிற அலுப்பில் பாதி உயிரோடு இருக்கிறவர். பில்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நாலு பதிவுகளில் இரண்டுக்கு அவர் ஒப்புதல் போனிலிருந்து போயிருந்தது. போன வருஷத்துக்கு ஒன்று, இந்த வருஷத்துக்கு ஒன்று.

ரத்து செய், காரணம் என்ற இடத்தில் தவறான பதிவு என்று மட்டும் போடு, போதும் என்றார். பழைய கோடை மூட அன்றைக்கே ஹெட் ஆபீசுக்கு எழுதுவதாகச் சொன்னார். அடுத்த வருஷத்திலிருந்து போணி பில்லுக்கு ஒரு நகலை வைத்துப் பூஜை செய்யலாம், அசலில் ஸ்டாம்ப் குத்தலாம் என்றார். எல்லாம் நல்ல யோசனைதான். ஒன்றே ஒன்றை மட்டும் அவர் சுற்றிப் போனார்.

"தேவேந்திரன் சாரு?" என்று கேட்டாள்.

ஹேமநாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வத்தும்மா, வேணாம். அவன் போய்ச் சேந்துட்டான். இத எழுதுனா நாளைக்கி ஆடிட்ல உன்னையும் கேப்பாங்க, என்னையும் கேப்பாங்க. உன் கன்ஃபர்மேஷன் லெட்டரு என் டேபிள்ல தான் இருக்குது. செத்தவனுக்கு இன்னா பிரயோஜனம்?"

அவள் தன் இடத்துக்கு வந்து ரத்து செய்கிற பக்கத்தைத் திறந்தாள். காரணம் என்று ஒரு கட்டம். அதில் என்ன எழுதினாலும் அழியாது. அந்தக் கணக்கு இருக்கிறவரை இருக்கும், வருகிற ஒவ்வொரு ஆடிட்டரும் படிப்பார். தோளுக்குப் பின்னால் யாரோ குனிந்து படிக்கக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. பயமாகத்தான் இருந்தது. பயந்தபடியே தட்டினாள். பூஜையில் வைத்த அசல் பில்லில் ஸ்டாம்ப் இல்லாததால் பழைய கோடில் என்னால் இரண்டாம் முறை ஏற்றப்பட்டது. போன வருஷம் தேவேந்திரன் செய்த பதிவும் இதே காரணத்தால் நேர்ந்ததே. கேட் நம்பர் ஒன்றே. ஆவணங்கள் இரண்டும் ஃபைலில்.

ரத்துக்கும் ஹேமநாத்தின் ஒப்புதல் வேண்டும். இந்தத் தடவை டீ ஆறியது. மதியம் சாய்ந்தது. எடைமேடையில் ஆள் மாறியது. அவள் பையைத் தூக்கித் தோளில் மாட்டின பிறகுதான் ஒப்புதல் வந்தது. அவர் ஒரு எழுத்தையும் மாற்றச் சொல்லியிருக்கவில்லை. பிரமிளா பையை இறக்கி வைத்துவிட்டு மஞ்சள் பில்லை எடுத்தாள். பெருமாளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, 'இரட்டை பில்' என்று சிவப்பில் எழுதி, குறுக்கே ஸ்டாம்பைக் குத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குப் போனாள். தேவேந்திரனின் மனைவி தாட்சாயணி, திருச்சானூர் போகிற வழியில் ஒரு சந்தில் இருந்தாள். கோயிலுக்கு வருகிறவர்கள் தங்குகிற விடுதி ஒன்றின் துணிகளைத் தேய்த்துக் கொடுக்கிறாள். இவள் யாரென்று சொன்னதும் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றாள். பிரமிளா எல்லாவற்றையும் சொன்னாள். மாடம், மஞ்சள், ஸ்டாம்ப், பழைய கோடு. தான் சிரித்ததையும் சொன்னாள். அவர் குரல் கேட்பதை மட்டும் சொல்லவில்லை.

தாட்சாயணி அழவில்லை. ஒரு தலையணை உறையை எடுத்து நீவிக்கொண்டே இருந்தாள். தேய்க்க அதில் சுருக்கமே இல்லை.

"திருடன்னு சொல்லும்போது ஊரக் கூட்டிச் சொன்னாங்க. இல்லன்னு சொல்றதுக்கு நீ ஒண்டியா சந்துக்குள்ள வந்து எங்கிட்ட சொல்லிக்கினு இருக்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "எனக்குத் தெரியாதா அவரு எடுக்கலன்னு? எங்கிட்ட எதுக்கு?"

பிரமிளாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் தோன்றியது. வெள்ளிக்கிழமை சீசன் முடிவு பூஜை, வாங்க அக்கா என்றாள். தாட்சாயணி அடுத்த உறையை எடுத்து விரித்தாள்.

வெள்ளிக்கிழமை ஃபேக்டரி முழுக்கக் கணக்கு அறையின் வாசலில் கூடியிருந்தது. தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். ஹேமநாத் இந்த வருஷத்து அரவை எவ்வளவு என்று இரண்டு வார்த்தை பேசினார். பிரமிளாவின் நிரந்தரக் கடிதத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. தட்டு சுற்றி வந்தபோது கூட்டத்தின் கடைசியில், செக்யூரிட்டி கூண்டின் பக்கத்தில், தாட்சாயணி நிற்பதைப் பார்த்தாள்.

பேச வாயைத் திறந்தாள். அப்போது அவளுக்கே தெரியாமல் வந்தது அந்த வரிசைதான். யார், என்ன நம்பர், என்ன தேதி, எவ்வளவு, எந்த கேட் நம்பர். மஞ்சள் பில்லைக் கையில் பிடித்து, அவர் படிக்கிற மாதிரியே படித்தாள். வெங்கடசாமி தட்டை இறக்கி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னாள்.

"இந்த பில்ல நானும் ரெண்டு தடவ ஏத்திட்டேன். மாடத்துலேருந்து வந்தது, சீல் இல்ல, பாக்கின்னு நெனச்சிட்டேன். போன வருஷம் தேவேந்திரன் சாரும் இத தான் செஞ்சாரு. அவரு திருடல. நாம எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்."

கற்பூரம் அணைந்து புகை மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஹேமநாத் தரையைப் பார்த்தார். நிமிராமலே, "ரெண்டு தடவையும் ஓகே பண்ணது நானு" என்றார். அவர் குரல் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. பின்னால் இருந்தவர்கள் என்னவென்று கேட்க, அது ஒவ்வொரு வாயாகக் கடைசிவரை போனது.

தாட்சாயணி கூட்டத்துக்குள் நடந்து வந்தாள். வழி விட்டார்கள். அவர் உட்கார்ந்த இடம் எது என்று கேட்டாள். பிரமிளா நாற்காலியைக் காட்டினாள். தாட்சாயணி உட்காரவில்லை. கீபோர்டில் அந்த மஞ்சளைப் பார்த்தாள். சூடு பட்டுத் தழும்பேறின விரலால் நாலைத் தொட்டாள், ஏழைத் தொட்டாள். வெங்கடசாமி எதையாவது சொல்லியே ஆகவேண்டும் என்கிற தன் வியாதியில், நாங்க எலுமிச்ச சோறுன்னு நெனச்சிக்கினு இருந்தோம்மா என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்.

தாட்சாயணி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தினி வருஷம் கூடவே ஒக்காந்து துன்னீங்க?" என்றாள். "அவருக்குப் புளிப்பே ஆவாது. எலுமிச்ச சோத்த அவரு வாயில வெச்சதே இல்ல."